நகச்சுற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பாத்திரம் கழுவும் கையில் வரும் நகச்சுற்று களிம்பு போட்டால் அடங்கும், பிறகு மறுபடி வீங்கும். நகத்தையும் தோலையும் ஒட்டி மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஊறிப் பிய்ந்துபோவதுதான் காரணம். அந்த இடுக்கில் சோப்புத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது இரட்டைக் கையுறை: உள்ளே பருத்தி, மேலே ரப்பர். வெறும் ரப்பருக்குள் கை வியர்த்து ஊறிவிடும். பருத்தி உறை நனைந்ததும் மாற்ற வேண்டும். கழற்றியபின் நக இடுக்கை ஒற்றித் துடைத்து வாசலின் தடவுவேன். சவ்வைத் தள்ளவோ வெட்டவோ கூடாது; பார்லரில் கேட்காமலே வெட்டுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீக்கம் குறைய டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு தந்தார். சவ்வு மறுபடி ஒட்ட மாதக்கணக்காகும்.

திடீரென விண்விண்ணென்று தெறித்துச் சீழ் கட்டினால் விஷயம் வேறு. விரலில் எலுமிச்சம்பழம் செருகிக் காத்திருக்காமல், டாக்டரிடம் போய்ச் சீழை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் அன்றைக்கே போக வேண்டும்.