‘என்று நினைத்தாள்’ கெடுக்கும் கதைகள்

கதாபாத்திரத்தின் மனக்குரல் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே கலந்து ஒலிப்பதுதான் கட்டற்ற அயற்கூற்று. எழுதத் தொடங்குபவர்கள் இதில் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

‘என்று’ போட்டுப் பூட்டுவது

இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்:

முத்தம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினாள். நூற்றிருபது. நாளைக்கு அவள் எப்படி வட்டி கட்டுவாள்?

‘அவள்’, ‘கட்டுவாள்’ இரண்டும் கதைசொல்லியுடையவை. ‘நாளைக்கு’ முத்தம்மாளுடையது, கதைசொல்லி தன் வாக்கில் சொன்னால் ‘மறுநாள்’ என்பார். கேள்வியின் பதைப்பும் அவளுடையதே. இரண்டு குரலும் ஒரே வரியில் நிற்கின்றன.

வாசகருக்குப் புரியாதோ என்ற பயத்தில் கடைசியில் ‘என்று நினைத்தாள்’ ஒட்டிவிடுகிறார்கள். எரிச்சலூட்டுவது இதுதான். ‘நாளைக்கு அவள் எப்படி வட்டி கட்டுவாள் என்று முத்தம்மாள் நினைத்தாள்’ என்றதும் ‘அவள்’ வேறொருத்தியாகத் தெரிகிறாள். பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்காக முத்தம்மாள் கவலைப்படுவதுபோல் ஆகிறது. அதைச் சரிசெய்ய ‘தான்’ வேண்டும், ‘கட்டுவது’ வேண்டும். முடிவில் கிடைப்பது சாதாரண அயற்கூற்று. பதைப்பு போய்த் தகவல் மிஞ்சும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1857இல் பாரிஸ் நீதிமன்றத்தில் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் மீது வழக்கு நடந்தபோது, நாயகி எம்மாவின் பரவசத்தை ஆசிரியரே கள்ளக்காதலைப் போற்றுவதாக அரசு வழக்கறிஞர் வாசித்தார். ஃப்ளோபேர் விடுதலையானார். இந்தப் பயத்துக்கு மருந்து ‘என்று’ அல்ல, முன்வரி. மனக்குரலுக்கு முந்தைய வரியில் அந்த ஆளின் கையோ கண்ணோ ஏதாவது செய்யட்டும். மேலே முடிச்சை அவிழ்த்தது அதற்காகத்தான்.

மரியாதை விகுதியைச் சமன்செய்வது

‘வட்டிக்காரர் தெருமுனையில் பைக்கை நிறுத்தினார். வாசலில் வந்து கத்துவானே, பாவி!’ முதல் வரியின் ‘ஆர்’ கதைசொல்லியின் மரியாதை. அடுத்ததன் ‘ஆன்’ முத்தம்மாளின் வெறுப்பு. இதைப் பிழை என்று திருத்தி ‘கத்துவாரே’ ஆக்கினால் அவள் குரல் காணாமல் போகும். கதைசொல்லியே வேறிடத்தில் அவரை ‘அவன்’ என்றிருந்தால் மட்டும் இந்த வேறுபாடு வேலை செய்யாது.

ஆங்கிலக் காலம்

ஆங்கிலத்தில் மனக்குரலின் வினையும் இறந்தகாலத்துக்கு நகரும். தமிழில் நகராது. ‘நாளை திங்கட்கிழமையாக இருந்தது’ என்று எழுதாதீர்கள். ‘நாளை திங்கட்கிழமை’ போதும்.

சாய்வெழுத்து

வேண்டாம்.

திடீரென ‘நான்’

‘எப்படிக் கட்டுவது? யாரிடம் கேட்பது?’ போன்ற வரிகளில் வினை யாருடையது என்று காட்டும் விகுதி இல்லை. கதைசொல்லியின் வாக்கிலிருந்து மனத்துக்குள் நுழைய இதைவிட எளிய வாசல் தமிழில் இல்லை. நுழைந்த பிறகு ‘நான் யாரிடம் கேட்பேன்’ என்று எழுதினால் கதைசொல்லி வெளியேறிவிடுவார், அது நேர்கூற்று. ‘அவளுக்கு யார் தருவார்கள்’ என்றால் இருவரும் உள்ளேயே இருப்பார்கள்.

வரிக்கு வரி ஏகாரம்

பத்திக்கு ஒன்று. மிஞ்சினால் இரண்டு.