நகைச் சீட்டு விளம்பரத்தில் "சேதாரம் இல்லை" என்று எழுதும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகைக்கடைகளுக்கு நோட்டீஸ் எழுத வரும் புதியவர்கள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். எழுத்துப் பிழையை அச்சுக்குப் போகும் முன் யாராவது பார்த்துவிடுவார்கள். "சேதாரம் இல்லை" என்று எழுதி, எத்தனை சதவீதம் வரை என்பதை விட்டுவிடுவதை யாரும் பார்ப்பதில்லை. பதினோரு மாதம் கழித்து பில் போடும்போதுதான் வெளியே வரும்.

எத்தனை சதவீதம் வரை இல்லை?

மாதம் 5,000 ரூபாய், 11 தவணை. கட்டும் நாள் விலையில் கிராமாக வரவு வைக்கும் சீட்டு. கணக்குக்காகக் கிராம் விலை 10,000 ரூபாயிலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். 55,000 ரூபாய்க்கு 5.5 கிராம் சேர்ந்திருக்கும். கடை தரும் போனஸ், 14 சதவீதம் வரை சேதாரத் தள்ளுபடி. நோட்டீஸிலோ பெரிய எழுத்தில் "சேதாரம் இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

சீட்டு முடிந்து வரும் ஆச்சி எடுப்பது 20 சதவீதச் சேதாரமுள்ள 5.5 கிராம் நெக்லஸ். 14 போக மீதி 6 சதவீதம், அதாவது 0.33 கிராம்: 3,300 ரூபாய். மொத்தம் 58,300 ரூபாய்க்கு 3 சதவீத ஜிஎஸ்டி 1,749 ரூபாய். ஆக 5,049 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். ஒரு தவணைக்கு மேலேயே! ஒன்றும் கட்ட வேண்டாம் என்று நம்பி வந்தவருக்கு அது ஏமாற்றுதான். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பது பதிலாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. அவரே 8 சதவீதச் சேதாரமுள்ள சங்கிலி எடுத்தால் போனஸின் மதிப்பு 4,400 ரூபாய்தான்; மீதி 6 சதவீதத்தைக் கடை பணமாகத் தராது. அதனால் 55,000 ரூபாய்க்கு 14 சதவீதம் என்று கணக்குப் போட்டு "7,700 ரூபாய் லாபம்" என்று எழுதுவதும் தவறு. 14 சதவீதமோ அதற்கு மேலோ சேதாரமுள்ள நகைக்குத்தான் அந்தத் தொகை முழுதாகக் கிடைக்கும்.

இப்படி எழுதலாம்:

"சீட்டில் சேர்ந்த எடைக்கு மட்டும், 14 சதவீதம் வரை சேதாரம் தள்ளுபடி. அதற்கு மேலுள்ள சேதாரம், கூடுதல் எடை, கல் விலை, ஹால்மார்க் கட்டணம், ஜிஎஸ்டி தனி."

இதைச் சலுகை வரிக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

படம்

கழுத்துரு படம் போட்டால் கழுத்துருவுக்கும் சலுகை உண்டு என்றுதான் இந்த ஊரில் படிப்பார்கள். கைவேலை அதிகமுள்ள, ஆர்டர் கொடுத்துச் செய்யும் நகைக்குத் திட்டம் பொருந்தாதென்றால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

நடுவில் நிறுத்தினால்

என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

"வட்டி"

அந்தச் சொல்லே வேண்டாம். இது நகைக்கான முன்பணம். கம்பெனியாகப் பதிவான கடை அதை 365 நாளுக்குள் நகையாகக் கணக்குத் தீர்க்க வேண்டும். தாண்டினால் சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும். சீட்டு 11 தவணையோடு நிற்பது அதற்காகத்தான். எனவே நகை எடுக்க வேண்டிய கடைசி நாளையும் அச்சிடுங்கள்.