புடவையின் நிறத்தை மட்டும் மாற்றுவது எப்படி: ஏஐ படத்திருத்தக் கட்டளையை எழுதும் முறை

காஞ்சிபுரம் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் ஒளிப்படம் உங்களிடம் இருப்பதாகக் கொள்வோம். புடவையின் உடல் பச்சை, கரை அரக்கு, கரை முழுவதும் தங்க ஜரிகையில் மாங்காய் வடிவங்கள். அவர் அணிந்திருக்கும் ரவிக்கையும் பச்சை. அருகில் ஒரு மரத்தூண், பின்னால் வெள்ளைச் சுவர். இதே புடவை கருநீலத்திலும் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகப் பச்சையை மட்டும் மாற்ற விரும்புகிறீர்கள். ஏஐ கருவியில் படத்தை ஏற்றி, "புடவையை நீலமாக மாற்று" என்று எழுதினால், பெரும்பாலும் புடவை நீலமாகிவிடும். ஆனால் ரவிக்கையும் நீலமாகியிருக்கலாம், கரையின் அரக்கு மங்கியிருக்கலாம், மாங்காய் வடிவங்கள் வெறும் கொடிகளாகியிருக்கலாம்; உற்றுப் பார்த்தால் முகத்தின் வெட்டும் சற்று மாறியிருக்கலாம்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கட்டளையை எப்படி எழுத வேண்டும் என்பது தானாகவே விளங்கும். இத்தகைய கருவி புடவையை மட்டும் வெட்டி எடுத்து வண்ணம் பூசுவதில்லை. உங்கள் படத்தையும் உங்கள் சொற்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு, முகம், தூண், சுவர் உட்பட முழுப் படத்தையும் அது புதிதாக வரைகிறது. ஒரு பகுதி பழையபடியே தெரிகிறது என்றால், அதைப் பழையபடி வரைந்திருக்கிறது என்றுதான் பொருள். 2022 நவம்பரில் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ் என்ற கருவியில் இந்த இழுபறி வெளிப்படையாகவே தெரியும். மூலப்படத்தை எவ்வளவு பின்பற்றுவது என்பதற்கு ஓர் எண்ணும், சொற்களை எவ்வளவு பின்பற்றுவது என்பதற்கு இன்னோர் எண்ணும் அதில் தனித்தனியே இருக்கின்றன. சொற்களின் எண்ணைக் கூட்டினால் கட்டளை நன்றாக நிறைவேறும், ஆனால் மூலப்படம் கைநழுவும். பின்னர் வந்த கருவிகள் பலவற்றில் இந்த எண்கள் பயனருக்குத் தெரிவதில்லை. ஆகவே நம் கையில் இருப்பது வாக்கியம் மட்டுமே.

தெளிவற்ற வாக்கியம் இரண்டு வகையில் கெடுக்கிறது. முதலாவது, எல்லை சொல்லாததால் வருவது: "புடவை" என்றால் உடல் மட்டுமா, கரையும் முந்தானையும் சேர்த்தா, ஒரே நிறத்தில் இருக்கும் ரவிக்கையும் உண்டா என்பதைக் கருவியே முடிவு செய்துகொள்கிறது. இரண்டாவது, சொல் தன்னோடு இழுத்து வருவது. "புடவையை அழகாக, பட்டு போல மாற்று" என்றால், கருவி பயிற்சி பெற்ற படங்களில் அழகான பட்டுப்புடவையோடு சேர்ந்தே வந்த நகைகள், மல்லிகைப்பூ, மென்மையான மஞ்சள் ஒளி ஆகியனவும் கூடவே நுழையக்கூடும். அவற்றை நீங்கள் கேட்கவில்லை. அந்தச் சொல் கேட்டுவிட்டது.

முதல் படி: மாற வேண்டியதைச் சுட்டுதல்

எழுதும் முன் படத்தைப் பெரிதாக்கி, மாற வேண்டிய பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பகுதியை, அதன் இப்போதைய நிறத்தோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள். "புடவையின் பச்சை உடல் பகுதி" என்பது "புடவை" என்பதைவிடப் பலமடங்கு தெளிவானது. படத்தில் இரண்டு பெண்கள் இருந்தால், "அவள் புடவை" என்று எழுதாமல் "இடப்பக்கம் நிற்கும் பெண்ணின் புடவை" என்று எழுத வேண்டும்.

இரண்டாம் படி: எப்படி மாற வேண்டும் என்பது

"உருமாற்று", "புதுப்பி" போன்ற வினைச்சொற்களைத் தவிர்த்து, "நிறத்தைப் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாற்று" என்று மாறும் பண்பையே பெயர் சொல்லி எழுதுங்கள். நிறம் என்று சொல்லிவிட்டால், துணியின் நெசவும் மடிப்பும் பேச்சில் இல்லை என்பது கருவிக்கு விளங்க வாய்ப்பு அதிகம். மயில்கழுத்து, கிளிப்பச்சை போன்ற நம் நெசவு வழக்குப் பெயர்களை இங்கே நம்ப வேண்டாம். மயில்கழுத்து என்பது பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக இருப்பதால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும் நிறம் என்பதைக் கருவி அறிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முந்தானையில் ஒரு மயிலையே அது வரைந்து வைக்கக்கூடும். "ஒளி படும் மடிப்புகளில் பச்சை சாயல் தெரியும் கருநீலம்" என்று பார்வைக்குத் தெரிவதை எழுதுவதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: மாறக் கூடாதவை

"மற்ற எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்ற வாக்கியம் ஓரளவு உதவும், ஆனால் தனியாகப் போதாது. மாறும் பகுதியைத் தொட்டுக்கொண்டிருப்பவையும், மாறினால் உடனே கண்ணில் படுபவையும் பெயர் சொல்லப்பட வேண்டும். நம் படத்தில் அவை கரை, ஜரிகை, ரவிக்கை, முகம், படத்தின் சட்டக அளவு. தூரத்துச் சுவரின் ஒவ்வொரு விரிசலையும் எழுதத் தேவையில்லை. இயன்றவரை எதிர்மறையைத் தவிருங்கள்: "நகை சேர்க்காதே" என்று எழுதினால், சில கருவிகள் "நகை" என்ற சொல்லையே பிடித்துக்கொள்கின்றன. "கழுத்து இப்போது இருப்பது போலவே வெறுமையாக இருக்கட்டும்" என்பது நல்லது.

இவை மூன்றையும் சேர்த்தால் கட்டளை இப்படி அமையும்:

```
புடவையின் பச்சை உடல் பகுதியின் நிறத்தை மட்டும் கருநீலமாக மாற்று.
அரக்குக் கரை, தங்க ஜரிகை மாங்காய் வடிவங்கள், பச்சை ரவிக்கை
ஆகியவை அதே நிறத்திலும் அதே வடிவிலும் இருக்கட்டும்.
மடிப்புகளும் நிழல்களும் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கட்டும்.
பெண்ணின் முகம், நிற்கும் நிலை, படத்தின் சட்டகம், ஒளி
ஆகியவை மாறாமல் இருக்கட்டும்.
```

நான்காம் படி: சரிபார்த்தல்

வந்த படத்தை வெறும் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். முகத்தில் நடக்கும் சிறு மாற்றத்தை, குறிப்பாக அந்த முகம் நமக்குப் பழக்கமில்லாததாக இருந்தால், கண் எளிதில் தவறவிடும். இலவச மென்பொருளான ஜிம்ப்பில் மூலப்படத்தைத் திறந்து, புதிய படத்தை `Open as Layers` வழியாக அதன் மேல் அடுக்காக வையுங்கள். அளவு வேறாக இருந்தால் முதலில் ஒன்றாக்குங்கள். பிறகு மேல் அடுக்கின் `Mode` என்பதை `Difference` ஆக்கினால், மாறாத இடங்கள் கறுப்பாகவும் மாறிய இடங்கள் வெளிச்சமாகவும் தெரியும். படம் முழுவதும் புதிதாக வரையப்பட்டது என்பதால், எங்கும் மெல்லிய சாம்பல் துகள்கள் தெரிவது இயல்பு. புடவைக்கு வெளியே திட்டுத்திட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே உண்மையாகவே ஏதோ மாறியிருக்கிறது. உருவத்தின் ஓரம் முழுவதும் கோடு இரட்டையாகத் தெரிந்தால், சட்டகம் சற்று நகர்ந்துவிட்டது.

ரவிக்கையில் வெளிச்சம் தெரிகிறது என்றால், மாறிய படத்தின் மேலேயே "ரவிக்கையைப் பச்சையாக்கு" என்று அடுத்த கட்டளை கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மீண்டும் வரையப்படும்போதும் முகமும் ஜரிகையும் இன்னும் கொஞ்சம் விலகிப் போகும். மூலப்படத்துக்கே திரும்பி, கட்டளையில் ரவிக்கை பற்றிய வாக்கியத்தைத் திருத்தி, மறுபடி கொடுங்கள்.

சொல் எட்டாத இடம்

மிகச் சரியான கட்டளையும் ஜரிகை வடிவங்களை ஒவ்வொரு புள்ளியாகக் காப்பாற்றித் தருவதில்லை. விற்பனைக்கான படத்தில் இது முக்கியம். புடவையில் இல்லாத வடிவத்தைக் காட்டி விற்பது முறையாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஜிம்ப்பில் அந்த இரண்டு அடுக்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேல் அடுக்கின் `Mode`-ஐ `Normal`-க்குத் திருப்பி, `Add Layer Mask` மூலம் கறுப்பு மறைப்பு ஒன்றைச் சேர்த்து, புடவையின் உடல் பகுதியில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். கருநீலம் அங்கே மட்டும் வரும்; முகம், கரை, ரவிக்கை எல்லாம் உங்கள் கேமரா எடுத்தவையாகவே இருக்கும்.

உடலிலும் ஜரிகைப் புட்டாக்கள் இருந்தால், மேல் அடுக்கின் `Mode`-ஐ `LCh Color` ஆக்கிப் பாருங்கள். நிறம் புதிய படத்திலிருந்தும், வெளிச்சமும் நிழலும் மூலப்படத்திலிருந்தும் வருவதால், புட்டாவின் கோடுகள் அசல் வடிவிலேயே நிற்கும். அவற்றின் தங்க நிறம் மட்டும் பிசகினால், மறைப்பில் புட்டாக்களின் மேல் கறுப்பைத் தீட்டினால் போதும். கரும்பச்சையைச் சந்தன நிறமாக்குவது போல அடர்த்தியே மாற வேண்டிய இடத்தில் இந்த வழி உதவாது, ஏனெனில் பழைய நிறத்தின் இருட்டு அப்படியே தங்கிவிடும். அப்போது `Normal` நிலையிலேயே மறைப்பை வைத்து, படத்தை இரு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு புட்டாவையும் அசலோடு ஒப்பிட வேண்டும். அவை பொருந்தவில்லை என்றால், அந்த நிறப் புடவையையே எடுத்து வைத்துப் படம்பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.