மைனர் சார்பில் ராஜி: திரும்பி வந்த மனு

என் தங்கை தொடர்ந்த பாகப்பிரிவினை வழக்கில் நானும், காலஞ்சென்ற தம்பியின் மனைவியும், மைனரான அவர்கள் மகனும் பிரதிவாதிகள். மகனுக்குத் தாயே வழக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டிருந்தார். சமரசம் பேசி, அனைவரும் கையெழுத்திட்ட ராஜி மனுவைத் தாக்கல் செய்தபோது, மைனருக்காக நீதிமன்ற அனுமதி பெறவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

தாயின் கையெழுத்தில் குறை இருக்குமென்று எண்ணி, தமக்காகவும் காப்பாளராகவும் தனித்தனியே கையெழுத்திடச் செய்து மீண்டும் கொடுத்தோம், பலனில்லை. பிறகு அவருடைய பிரமாணப் பத்திரத்துடன் அனுமதி மனு போட்டோம், அதுவும் திரும்பியது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32, விதி 7-ஐ முழுதும் படித்தபோதுதான் விடுபட்டது தெரிந்தது. மைனருக்கு வக்கீல் இருந்தால், அந்தச் சமரசம் மைனருக்கு நன்மையானது என்பது தம் கருத்து என அவர் சான்றிதழும் தர வேண்டும். எங்கள் மனுக்கட்டில் தங்கையின் வக்கீல் எழுதிய குறிப்பு மட்டுமே இருந்தது. அது எதிர்த்தரப்புடையது, செல்லாது. மைனருக்கு ஒதுக்கிய மனைப் பகுதியின் அளவு, பாதை, மதிப்பு ஆகியவற்றைக் காட்டி அவருடைய வக்கீலே சான்றளித்ததும் அனுமதி கிடைத்தது.

தீர்ப்பாணை நகல் வந்ததும், அனுமதி அளித்த வாசகம் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளதா என்பதையே முதலில் பார்த்தேன். அப்பதிவு இல்லாத சமரசத்தை மைனர் பிற்பாடு தள்ளுபடி செய்யக் கோரலாம். மற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.