தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் ரிட்டென்ஷன் மாறுமா? உங்கள் பாடச் சேனலில் சோதிப்பது எப்படி

பாட வீடியோ போடுகிறவர்களிடையே ஓயாத வாக்குவாதம் இது. "மின்தடை" என்றால் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்பது ஒரு கட்சி. "ரெசிஸ்டன்ஸ்" என்றால் தமிழில் படிப்பவர்களை விரட்டுகிறோம் என்பது இன்னொரு கட்சி. உங்கள் சேனலுக்கு எது உண்மை என்பதை 16 வீடியோக்களில் சோதித்துவிடலாம். யூடியூப் சேனல் நடத்தத் தெரியும், ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பக்கம் பழக்கம் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். உதாரணத்துக்கு மின்சுற்றுப் பாடங்கள்.

1. குறுக்கு வழிகளை முதலில் ஒதுக்குங்கள்

ஒரே பாடத்தை இரண்டு விதமாகப் பேசி இரண்டு வீடியோவாக ஏற்றலாமே என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். முதலாவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது பழைய சோறு. அதன் ரிட்டென்ஷன் விழுந்தால் காரணம் மொழியா, அலுப்பா என்று பிரிக்க முடியாது. பல ஆடியோ டிராக் வசதியும் இதற்கு உதவாது. எந்த டிராக் ஓடும் என்பது பார்ப்பவரின் மொழி அமைப்பையும் அவர் விருப்பத்தையும் பொறுத்தது. ஆகவே இரண்டு குழுக்களும் ஆரம்பத்திலேயே வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். ஸ்டூடியோவில் உள்ள Test & compare தம்ப்நெயில், தலைப்பு போன்றவற்றுக்கான சோதனை; வாய்ஸ் ஓவரை அது தொடாது. இந்தச் சோதனை முடியும்வரை அதையும் அணைத்து வையுங்கள். தானியங்கி டப்பிங் இயங்கினால் அதையும்.

மிஞ்சுவது ஜோடி முறை. கடினத்திலும் ஈர்ப்பிலும் ஏறக்குறைய சமமான இரண்டு பாடங்களை ஒரு ஜோடியாக்குங்கள்: தொடர் இணைப்பும் பக்க இணைப்பும், ஓம் விதியும் மின்திறனும், இப்படி 8 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தமிழ்ச் சொற்களோடு, மற்றது கலப்பில். எது எதற்கு என்பதை நாணயம் சுண்டி முடிவெடுங்கள். தலைப்பும் தம்ப்நெயிலும் தயாரான பிறகே சுண்ட வேண்டும். முன்னால் சுண்டினால், மனசுக்குப் பிடித்த பக்கத்துக்கு நல்ல தம்ப்நெயில் தானாக அமைந்துவிடும்.

தலைப்பு 16 வீடியோவிலும் ஒரே அச்சு: தமிழ்ச் சொல், பக்கத்தில் ஆங்கிலச் சொல். திரையில் வரும் எழுத்துகளும் அப்படியே. தலைப்பின் மொழியை மாற்றினால் கிளிக் செய்யும் ஆளே மாறிவிடுவார். அதன்பிறகு பேச்சை அளக்க வழியில்லை. வாரம் ஒரு ஜோடி, இரண்டு நிலையான கிழமைகள். முதல் கிழமையில் எது வெளியாகும் என்பதற்கும் நாணயம்தான்.

2. "கலப்பு" என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

> மின்தடை இரண்டு மடங்கானால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் பாதியாகும்.
>
> ரெசிஸ்டன்ஸ் ரெண்டு மடங்கானா, அதே வோல்டேஜ்ல கரண்ட் பாதியாயிடும்.

முதல் வரி தமிழ், இரண்டாவது கலப்பு, சோதனைக்குத் தயார் என்று நினைப்போம். ஆனால் இங்கே மாறியவை இரண்டு. கலைச்சொற்கள் ஆங்கிலமாயின, கூடவே எழுத்து நடை பேச்சு நடையாயிற்று. இதில் கலப்பு ஜெயித்தால், ஜெயித்தது ஆங்கிலமா, பேச்சுத்தமிழா? தமிழில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரம் பெரியது. வீட்டில் பேசுவதுபோல் கேட்டாலே பலர் கூடுதலாக உட்கார்ந்து பார்க்கக்கூடும். எனவே முதல் வரி இப்படி இருக்க வேண்டும்:

> மின்தடை ரெண்டு மடங்கானா, அதே மின்னழுத்தத்துல மின்னோட்டம் பாதியாயிடும்.

இப்போது மாறுவது மூன்று பெயர்ச்சொற்கள் மட்டும். சோதனை என்றால் இதுதான்.

அடுத்தது வினைகள். கலப்பு என்றதும் "மெஷர் பண்ணுங்க, கனெக்ட் பண்ணுங்க" என்று நாக்கு தானாகப் போகும். அது வேறு வகைக் கலப்பு. முழு வாக்கியமே ஆங்கிலத்துக்குத் தாவுவது மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே சோதனையில் கலக்கினால் முடிவு எதற்கும் பொருந்தாது. முதல் சோதனைக்குப் பெயர்ச்சொற்கள் மட்டும் போதும். வினைகள் இரண்டு பக்கமும் "அளங்க, இணைங்க" என்றே இருக்கட்டும். பேட்டரி, பல்பு, வீடியோ போன்றவை தமிழாகவே ஆகிவிட்டவை. அவற்றைப் பொதுச்சொல் பட்டியலில் போட்டு இரண்டு பக்கமும் அப்படியே விடுங்கள்.

பிறகு எண்ணுங்கள். ஸ்கிரிப்டில் 100 சொல்லுக்கு எத்தனை ஆங்கிலக் கலைச்சொல்? "வோல்டேஜ்ல" என்று விபக்தி ஒட்டியிருந்தாலும் ஒன்றுதான். தமிழ்ப் பக்கத்தில் 2-க்குள், கலப்புப் பக்கத்தில் 12 முதல் 15 என்று வரம்பு வைத்தால் வித்தியாசம் காதில் விழும். ஒரு கலப்பு வீடியோவில் 5, இன்னொன்றில் 20 என்று வந்தால் அவை இரண்டும் ஒரே சோதனையின் வீடியோக்கள் அல்ல.

ஒலிப்பதிவில் ஒரு கண்ணி உண்டு. பேசுபவர் வழக்கமாகக் கலந்து பேசுகிறவர் என்றால் "மின்னழுத்தம்" வரும் இடத்திலெல்லாம் அரை நொடி தடுக்கும், குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகும். பார்வையாளர் அதற்காகப் போனாலும் பழி தமிழ்ச்சொல்மேல் விழும். ஒடாசிட்டியில் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்து, கலைச்சொல்லுக்கு முன்னுள்ள இடைவெளிகளை அலைவடிவத்திலேயே பாருங்கள். தமிழ்ப் பதிவில் அவை அகலமாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

3. எந்த நொடியில் அளப்பது

சராசரிப் பார்வைச் சதவீதத்தை நம்ப வேண்டாம். குறுகிய வீடியோவுக்கு அது சாதகம். தமிழ்க் கலைச்சொற்கள் நீளமானவை என்பதால் தமிழ்ப் பக்கம் சில நொடி நீண்டுவிடும். அதற்குப் பதில் பாடத்துக்குள் ஒரு குறியிடம் வையுங்கள், உதாரணமாக "முதல் கணக்கு தொடங்கும் நொடி". தமிழ் வீடியோ 7:48, குறியிடம் 3:22 என்றால் 202 ÷ 468 = 0.43. கலப்பு வீடியோ 7:20, குறியிடம் 3:05 என்றால் 185 ÷ 440 = 0.42. இந்தப் புள்ளிகளில் எத்தனை பங்கு பேர் மிச்சம் என்பதே உங்கள் அளவு.

ஸ்டூடியோ வரைபடத்தின்மேல் சுட்டியை நகர்த்தியும் படிக்கலாம், ஆனால் 16 வீடியோவுக்குக் கண் வலிக்கும், எண்ணும் தவறும். துணைக்கருவிகளுக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐ-யின் ஆவணப் பக்கத்திலேயே கோரிக்கையை நிரப்பி ஓட்டும் பெட்டி இருக்கிறது:

```
ids=channel==MINE
startDate=2025-03-06
endDate=2025-03-17
dimensions=elapsedVideoTimeRatio
metrics=audienceWatchRatio
filters=video==VIDEO_ID;subscribedStatus==UNSUBSCRIBED
```

வீடியோவை 100 துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வரும். 0.42 என்ற வரிசையைப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு வீடியோதான். பின்னால் ஓட்டிப் பார்ப்பவர்களும் கணக்கில் வருவதால் எண் 1-ஐத் தாண்டலாம், பிழை அல்ல. `UNSUBSCRIBED` இடத்தில் `SUBSCRIBED` போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு முறை எதற்கு என்பது அடுத்த பகுதியில்.

தேதியையும் கவனியுங்கள். வீடியோ மார்ச் 4-இல் வெளியானது. எடுத்திருப்பது 3-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை. கிளிக் செய்யும்வரை உங்கள் பேச்சு யார் காதிலும் விழாது, ஆகவே முதல் இரண்டு நாள் கூட்டத்தை மொழி தீர்மானிப்பதில்லை. பெரும்பாலும் வழக்கமான சப்ஸ்கிரைபர்கள்தான். அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பரிந்துரை யாரிடம் போகிறது என்பது அதன்பிறகுதான் பிரியத் தொடங்கும்.

4. கூட்டத்தைப் பிரிக்காமல் ரிட்டென்ஷனைப் படிக்காதீர்கள்

சோதனையின் உயிர்நாடி இது. ஒரு ஜோடியைக் கற்பனை எண்களில் பார்ப்போம். இரண்டுக்கும் 1,000 வியூஸ்.

தமிழ் வீடியோவில் 400 பேர் சப்ஸ்கிரைபர்கள், 600 பேர் சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள்; இவர்களைச் சுருக்கமாகப் புதியவர்கள் என்போம். குறியிடம்வரை இருந்தவர்கள் முறையே 60%, 30%. அதாவது 240 + 180 = 420 பேர், 42%.

கலப்பு வீடியோவில் 200 சப்ஸ்கிரைபர்கள், 800 புதியவர்கள். இருந்தவர்கள் 62%, 33%. 124 + 264 = 388 பேர், 38.8%.

மொத்தத்தைப் பார்த்தால் கலப்பு தோற்றுவிட்டது. ஆனால் இரண்டு குழுவிலும் தனித்தனியே அதுதான் கூடுதலாகத் தக்கவைத்திருக்கிறது. சீக்கிரம் போகிற இயல்புள்ள புதியவர்கள் அதிகம் வந்ததால் சராசரி இறங்கியது. சரிசெய்ய, இரண்டு வீடியோவுக்கும் ஒரே எடையைப் போடுங்கள். தமிழ் வீடியோவின் 40–60 பங்கையே கலப்புக்கும் வைத்தால் 0.4 × 62 + 0.6 × 33 = 44.6%. இப்போது ஒப்பீடு 42-க்கும் 44.6-க்கும். சோதனை முழுவதற்கும் ஒரே எடை வேண்டும். சேனலின் கடந்த மூன்று மாதப் பங்கை முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு வேண்டிய எண்ணிக்கையை அதே பெட்டியில் `filters` வரியை எடுத்துவிட்டு, அந்த மூன்று மாதத் தேதிகளோடு `dimensions=subscribedStatus`, `metrics=views` என்று கேட்டால் கிடைக்கும். ஒரு வீடியோவுக்கு மட்டும் வேண்டுமென்றால் `filters=video==VIDEO_ID` என்று வையுங்கள். பார்வையாளர் யார் என்ற கேள்விக்கான முதல் பதிலும் இதிலேயே இருக்கிறது: மேலே உள்ள ஜோடியில் புதியவர்களின் பங்கு 60%-இலிருந்து 80% ஆனது. அதோடு நாடுவாரிப் பங்கையும் குறித்துக்கொள்ளலாம். வயதுப் பிரிவு உள்நுழைந்து பார்ப்பவர்களை வைத்தே வருகிறது, வியூஸ் குறைந்தால் காட்டவே காட்டாது. சிறிய சேனலில் அதை விட்டுவிடுங்கள். பார்ப்பவரின் தாய்மொழியைக் காட்டும் எண் ஸ்டூடியோவில் இல்லை. சப்டைட்டில் மொழிப் பட்டியல் ஒரு நிழல் மட்டுமே.

வெளியிணைப்பிலிருந்து திடீர்க் கூட்டம் வந்த வீடியோ இருந்தால் அந்த ஜோடி முழுவதையும் தள்ளிவிட்டு இன்னொரு ஜோடி செய்யுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தள்ளக் கூடாது.

5. எப்போது நம்பலாம்

எடை சரிசெய்த பிறகு 8 ஜோடியில் கலப்பு எத்தனையில் முன்னிலை என்று எண்ணினால் போதும். மொழியால் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், எட்டும் ஒரே பக்கம் சாய வாய்ப்பு 256-இல் 2. ஏழு அல்லது அதற்கு மேல் சாய 256-இல் 18, சுமார் 7%. ஆறு என்றால் ஏறத்தாழ 29%; அதை வைத்துச் சேனலின் பேச்சை மாற்ற வேண்டாம். புதியவர்களின் பங்குக்கும் இதே எண்ணிக்கையைத் தனியாகச் செய்யுங்கள். நான்காவது ஜோடியிலேயே 4-0 என்று கண்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வித்தியாசமே இல்லாதபோதும் அப்படி ஒரு பக்கம் சாய எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பிற்சேர்க்கை: சப்ஸ்கிரைபர்கள் தமிழ்ப் பக்கமும் புதியவர்கள் கலப்புப் பக்கமும் சாய்ந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படி வரும்போது எடைபோட்ட ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, இரண்டு குழுவையும் தனித்தனியே எட்டு ஜோடியிலும் எண்ணுங்கள். இரண்டும் எதிரெதிராக 7-ஐத் தொட்டால், அடுத்த சோதனைக்கான மூன்றாவது பேச்சுமுறை தயார்: ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதல் முறை "மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ்" என்று இரண்டாகவும், பிறகு வீடியோ முழுக்கத் தமிழில் மட்டும் சொல்வது. 100 சொல்லுக்கு எத்தனை என்ற வரம்பை அதற்குப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய 12–15 அதற்குப் பொருந்தாது.