நாடா ஓடும் ஜிஃப்: வெட்டும் இடத்தில் நடக்கும் தவறுகள்

கைத்தறி நெசவைப் பற்றிய பத்து நிமிட வீடியோ ஒன்று. அதில் ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் இரண்டு விநாடியை மட்டும் எடுத்து, நிற்காமல் ஓடும் ஜிஃப் ஆக்க வேண்டும். பெரும்பாலான ஜிஃப்கள் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் மறுபடி ஓடுகின்றன. பிழை வெட்டிய இடத்தில் இருக்கிறது.

நாடா இடமிருந்து வலம் போனதும் வெட்டிவிடுகிறோம். அது பாதிச் சுற்றுதான். நாடா திரும்பி வந்து, அதே மிதி மறுபடி அழுந்தும்போதுதான் சுற்று முழுமையாகும். அதைக் கண்ணால் தோராயமாகப் பிடிக்க முடியாது. mpv என்ற வீடியோ பிளேயரில் முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே நகர்த்தும். நாடா இடது ஓரத்தை விட்டுக் கிளம்பும் ஃபிரேம் 3:12.40-இல் இருக்கிறது, அதே நிலை மறுபடி 3:14.80-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டாவது ஃபிரேமைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒரே படம் அடுத்தடுத்து இருமுறை வந்து, ஓட்டம் ஒரு கணம் நின்று போகும். ஆகவே நீளம் சரியாக 2.4 விநாடி. வீடியோவை ஜிஃப் ஆக மாற்றும் ffmpeg நிரலுக்கான கட்டளை இது:

```
ffmpeg -ss 00:03:12.40 -t 2.4 -i thari.mp4 -vf "fps=25/2,scale=480:-1,split[a][b];[a]palettegen[p];[b][p]paletteuse" thari.gif
```

`-ss` தொடக்க நேரம், `-i` மூல வீடியோ. இங்கே முடிவு நேரம் சொல்லும் `-to` இல்லாமல், நீளம் சொல்லும் `-t` போட்டிருப்பதைக் கவனியுங்கள். பலர் `-ss`-ஐ `-i`-க்கு முன்னும், `-to 00:03:14.80` என்பதைப் பின்னும் எழுதுகிறார்கள். முன்னால் வரும் `-ss` நேரக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைப்பதால், மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ராட்சத ஜிஃப் வந்து நிற்கும். முதலில் `-c copy` போட்டுத் துண்டை வெட்டிக்கொண்டு பிறகு மாற்றுவதும் வேண்டாம். அது வீடியோவில் முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட கீஃபிரேம்களில்தான் வெட்டும் என்பதால், பார்த்துப் பார்த்துக் குறித்த தொடக்கம் முந்தைய கீஃபிரேமுக்கு நழுவிவிடும்.

அடுத்தது வேகம். ஜிஃப்பில் ஒரு படம் நிற்கும் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்காகத்தான் எண்ண முடியும். 25 ஃபிரேம் வீடியோவுக்கு `fps=10` கொடுத்தால், இரண்டரை ஃபிரேமுக்கு ஒன்று எடுக்க வேண்டிவரும். ஆகவே சில இடத்தில் இரண்டும் சில இடத்தில் மூன்றும் தாண்டி, நாடா தத்தித் தத்திப் போகும். சரிபாதியான 12.5 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று, மொத்தம் 30 படம், ஒவ்வொன்றும் 8 அலகு. கணக்கு மிச்சமில்லாமல் முடிகிறது.

நிறத்தில் ஒரே ஒரு சொல். ஜிஃப்பின் ஒரு படத்தில் 256 நிறம்தான் இருக்கலாம். `palettegen` அந்த நிறங்களை உங்கள் வீடியோவிலிருந்தே தேர்ந்தெடுக்கும். அதை விட்டுவிட்டால் பொதுவான நிறப்பட்டியல்தான் கிடைக்கும், அரக்குச் சேலையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் குலுக்கல் தெரிந்தால், பின்னணியைப் பாருங்கள். என் முதல் தறி ஜிஃப்பில் நாடா அழகாக ஓடியது, மேலே சுழன்ற மின்விசிறி மட்டும் சுற்றுக்கு ஒருமுறை துள்ளியது. அதன் சுழற்சிக்கும் நாடாவின் சுழற்சிக்கும் பொருத்தமே இல்லை. `scale`-க்கு முன்னால் `crop=iw:ih*3/4:0:ih/4` சேர்த்து, மேல் கால்பகுதியை வெட்டிய பிறகுதான் தறி இடைவிடாமல் ஓடியது.