இரண்டு லூப்பில் எது நல்லது? பார்க்கும்போது விடுகிற பிழைகள்

கிளிநொச்சிப் பக்கம் அரிசி, மிளகாய்த்தூள் பைக்கற் பண்ணி விற்கிற சின்னக் கடைகள்கூட இப்போது வாட்ஸ்அப்பில் போட, முடிந்ததும் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு செக்கன் அனிமேஷன் லூப் கேட்கின்றன. செய்பவர் இரண்டு மாதிரி அனுப்புவார். கடைக்காரர் போனில் ஒருக்கால் பார்த்துவிட்டு, "ரெண்டாவதுதான் வடிவு தம்பி, முதலாவது கொஞ்சம் இழுக்குது" என்பார். அந்த இழுவை வரைந்தவரின் கையிலிருந்து வந்ததா, கோப்பு போன வழியில் ஒட்டிக்கொண்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. முதற்பிழை அங்கேதான்.

மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு ஒரு லூப் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா சுளகில் அரிசி புடைக்கிறா. அரிசி மேலே எழும்பித் திரும்பச் சுளகில் விழுகிறது, உமி காற்றோடு போகிறது. முதலாவது மாதிரி செக்கனுக்கு 24 பிரேம், இரண்டாவது 30 பிரேம். இரண்டும் சரியாக ஒரு செக்கன் ஓடவேண்டியவை.

இவற்றை ஜிஃப் ஆக்கியதும் கணக்கு மாறுகிறது. ஜிஃப் கோப்பில் ஒவ்வொரு பிரேமும் நிற்கும் நேரம் செக்கனின் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதப்படும், அதுவும் முழு எண்ணில். 24 பிரேமுக்கு 4.17 வரவேண்டும், பல மென்பொருள்கள் 4 என்று வெட்டிவிடும். 30 பிரேமுக்கு 3.33 வரவேண்டும்; 3 ஆகிவிடும். ஆக முதலாவது 0.96 செக்கனில் முடிகிறது, இரண்டாவது 0.90 செக்கனில். கடைக்காரருக்கு இரண்டாவது சுறுசுறுப்பாகத் தெரிந்ததில் ஒரு பங்கு இந்த வெட்டிலிருந்து வந்தது. செக்கனுக்கு 60 பிரேம் என்று ஏற்றுமதி செய்தால் இன்னும் மோசம்: எண் 1 ஆக விழுந்தால் பிரவுசர்கள் அதை நம்பாமல் 10 ஆக எடுத்துக்கொள்ளும், அரிசி ஆமைபோல ஏறும்.

எந்தப் பிரேம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை, ffmpeg மென்பொருளோடு வரும் ffprobe கட்டளையால் இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v -show_entries packet=duration_time -of csv=p=0 a.gif
```

வரிசையாக 0.040000 வந்தால் 4 என்று அர்த்தம். இரண்டு கோப்பின் மொத்தமும் ஒன்றாக இல்லாவிட்டால் டைமிங் பற்றிக் கதைக்கவே தொடங்கவேண்டாம். இரண்டையும் ஒரே பிரேம் வேகத்தில், ஒரே அளவில், எம்பி4 ஆக எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் அது திரும்ப அமுக்கப்படும், உமி மாதிரிச் சின்ன விசயங்கள் முதலில் கரைந்துபோகும்.

அடுத்தது, பக்கத்தில் பக்கம் வைத்து ஓடவிட்டுப் பார்ப்பது. நியாயமான வழி மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு சுற்றுக்கு 0.06 செக்கன் வித்தியாசம் இருந்தால், எட்டாவது சுற்றில் கிட்டத்தட்ட அரைச் செக்கன் விலகிவிடும்: ஒரு சுளகு எறியும்போது மற்றது ஏந்தும். கண் இரண்டுக்கும் நடுவில் ஓடிக் களைத்து, பெரிதாக ஆடுகிற பக்கத்தில் போய் நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நல்லது. பெயரை மறைத்து, முன்பின் மாற்றி, இன்னொருவர் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

ஓடவிடும் பிளேயரும் ஏமாற்றும். சில பிளேயர்கள் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பும்போது ஒரு சின்ன மூச்சு வாங்கும். அதைப் பார்த்து லூப் தட்டுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கோப்பையே ஆறு தரம் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்:

```
ffmpeg -stream_loop 5 -i a.mp4 -c copy a6.mp4
```

ஒட்டிய பிறகும் ஒட்டில் தட்டினால் அது வரைந்தவரின் பிழை. அநேகமாகக் கடைசிப் பிரேம் முதற்பிரேமின் நகலாக இருக்கும். 24 பிரேம் லூப்பில் 25ஆவது பிரேம்தான் முதலாவதாகத் திரும்ப வரவேண்டும்; அதையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால் சுளகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிரேம் உறைந்து நிற்கும். வி.எல்.சி.யில் E விசையைத் தட்டித் தட்டிப் போனால், படம் அசையாத அந்த ஒரு தட்டு பிடிபடும்.

இனி மிகப் பரவலான பிழை: வழுக்கிக்கொண்டு போவதை நல்ல அசைவு என்று நினைப்பது. இரண்டாவது மாதிரியில் அரிசி ஒவ்வொரு பிரேமிலும் ஒரே தூரம் ஏறுகிறது, ஒரே தூரம் இறங்குகிறது. எங்கும் தட்டவில்லை, துள்ளவில்லை. ஆனால் அரிசியை நூலில் கட்டி இழுத்த மாதிரி இருக்கிறது, பாரமே இல்லை.

இதை அளந்தே பார்க்கலாம். சுளகிலிருந்து அரிசி ஒரு 30 சென்ரிமீற்றர் எழும்புகிறது என்றால், புவியீர்ப்பின்படி மேலே போகக் கால் செக்கன், கீழே வரக் கால் செக்கன். செக்கனுக்கு 24 பிரேம் என்றால் ஏற 6, இறங்க 6. அந்த ஆறும் சமமாக இருக்காது. முதற்பிரேமிலேயே 9 சென்ரிமீற்றர் தாவும், உச்சிக்குப் போகிற கடைசிப் பிரேமில் ஒரு சென்ரிமீற்றர்கூட அசையாது. அப்படி உச்சியில் தயங்குவதுதான் அரிசிக்குப் பாரம் கொடுக்கிறது. கார்ட்டூனில் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஏற 8 பிரேம் வைத்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். 15 வைத்தால் அரிசி பஞ்சாகிவிடும். முதலாவது மாதிரியில் இந்த இடைவெளிகள் சரி. கடைக்காரர் 'இழுக்குது' என்று சொன்னது அநேகமாக அந்த உச்சித் தயக்கத்தைத்தான், அதாவது அதில் இருந்த நல்லதையே!

ஆனாலும் முதலாவது வெல்லவில்லை. அதில் அம்மா எங்களை நேரே பார்த்து நிற்கிறா. சுளகு வயிற்றுக்கு முன்னால் வருகிறது, சேலையும் சுளகும் ஒரே மண்நிறம். அம்மாவையும் சுளகையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்த்தால் சுளகைக் காணவில்லை, கை மடித்த ஒரு உருவம் குலுங்குவது மட்டும்தான் தெரிகிறது. இரண்டாவதில் அவ பக்கவாட்டில் நிற்கிறா. கறுப்பாக்கினாலும் சுளகு நீட்டிக்கொண்டு நிற்கிறது, அரிசி வெளிக்குள் எழும்புகிறது. அதில் உள்ள கரைச்சல் பின்னால் கொத்துகிற கோழி. கோழியின் தலை சுளகைவிட வேகமாக ஆடுவதால் கண் அங்கே ஓடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க "எது வடிவு?" என்று கேட்பது பிழையான கேள்வி. படத்தை முன்னம் பார்க்காத ஒருவரிடம் போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, இரண்டு சுற்று ஓடவிட்டு, "அவ என்ன செய்யிறா?" என்று கேளுங்கள். "புடைக்கிறா" என்று உடனே வந்தால் அசைவு தெளிவு. "கோழிக்கு ஏதோ போடுறா போல" என்று வந்தால் கோழி வென்றுவிட்டது.

என் கணக்கில் இங்கே எடுக்கவேண்டியது இரண்டாவது மாதிரி. டைமிங் பிழை என்றால் பிரேம்களைத் தள்ளி வைத்துத் திருத்தலாம். நிற்கும் கோணம் பிழை என்றால் முழுவதையும் திரும்ப வரையவேண்டும். வரைந்தவருக்குத் திருப்பி அனுப்புகிற குறிப்பும் "இன்னும் ஸ்மூத்தாக வேணும்" என்று இருந்தால் அவர் நடுவில் இன்னும் நாலு பிரேம் சேர்த்து அரிசியை இன்னும் பஞ்சாக்குவார். இப்படி எழுதுங்கள்: "தம்பி, ரெண்டாவதை வைப்பம். செக்கனுக்கு 24 பிரேமாக மாத்துங்கோ. அரிசி ஏற 6, இறங்க 6, உச்சியில நெருக்கி வையுங்கோ. கோழி நிக்கட்டும், தலை ஆட வேண்டாம். 25ஆவது பிரேமை விட்டிட்டு எடுங்கோ."